லப்-டப்புக்குப் பிறகு ஒரு 'ம்'

கேள்வி: ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அரசு மருத்துவமனை, நைட் டியூட்டி, இறுதியாண்டு மருத்துவ மாணவி, இதயம் பழுதான ஒரு பெரியவர். "ஸ்டெத்தை வைத்தாள். லப்... டப்... என்று ஓய்ந்துகொண்டிருந்தது இதயம்" என்று எழுதியிருந்தேன். படித்த டாக்டர் நண்பர் சிரித்துவிட்டார். உண்மையில் அவளுக்கு என்ன கேட்கும்? அதை எப்படிக் கற்றுக்கொள்வாள்?
– வாசகி, திருச்சி

பதில்: நண்பர் சிரித்தது 'ஓய்ந்துகொண்டிருந்தது' என்ற சொல்லுக்காகத்தான் இருக்கும். ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நிற்கப்போகிறது என்று பொருளில்லை. உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை அதனால் தள்ள முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு துடிப்பில் தள்ளுவது குறைவதால் துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்கும். மூச்சுத் திணறலோடு வரும் இரவில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 110, 120 என்று ஓடிக்கொண்டிருக்கும். 'இதயச் செயலிழப்பு' என்ற தமிழ்ச் சொல்தான் எழுதுகிறவர்களை இப்படி ஏமாற்றிவிடுகிறது.

உங்கள் பெரியவருக்கு 60 வயது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம் முன்பு மாரடைப்பு வந்து, இடது கீழறை தளர்ந்து பெரிதாகிவிட்டவர். வெளியூர்க் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போகவேண்டியிருந்ததால், அடிக்கடி இறங்க முடியாதென்று யூரின் போகிற மாத்திரையை நாலு நாள் நிறுத்தியிருக்கிறார். வார்டில் தினமும் பார்க்கக்கூடிய காரணம் இது. உடம்பில் நீர் சேர்ந்துவிட்டது. பகலெல்லாம் கால் வீக்கமாக இருந்த நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புகிறது. தளர்ந்த இதயத்தால் அந்தக் கூடுதல் பாரத்தைத் தள்ள முடியாமல் நுரையீரலில் தேங்குகிறது. தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஆகவே அவர் இரவு 2 மணிக்கு வருவது கதைக்காகச் செய்த ஏற்பாடாகத் தெரியாது.

அந்த 2 மணிக்கு மாணவி ஸ்டெத்தை வைத்தால் இதயம் அநேகமாகச் சரியாகக் கேட்காது. காதோரம் நாலைந்து முடியைச் சேர்த்து விரலால் உருட்டிப் பாருங்கள், நெறுநெறுவென்று வருமே, அந்தச் சத்தம் முதுகின் அடிப்பாகம் முழுக்கக் கேட்கும். நுரையீரலில் நீர். அதற்கு மேல் பெரியவரின் மூச்சிரைப்பு, ஆக்ஸிஜன் சத்தம், மின்விசிறி. அவரைப் படுக்கச் சொல்லவும் முடியாது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதய ஒலி கேட்கும்வரை சிகிச்சையும் காத்திருக்காது. ரத்த அழுத்தம் 160/100 இருக்கிறது என்றால், பி.ஜி. டாக்டர் லேசிக்ஸ் 40 மில்லிகிராம், அதாவது 2 மி.லி. ஆம்பியூல் இரண்டை, நரம்பில் போடச் சொல்லியிருப்பார். அரை மணிக்குள் யூரின் பையில் இறங்கத் தொடங்கும். உங்கள் கதையின் முக்கியக் காட்சியை இங்கே வைக்காதீர்கள். நாலரை மணிக்குத் தள்ளிவையுங்கள். பையில் 900 மில்லி சேர்ந்திருக்கிறது, நாடி 124-லிருந்து 96-க்கு வந்திருக்கிறது, பெரியவர் தலையணையில் சாய்ந்துவிட்டார்.

இப்போது கேட்கவேண்டியது மூன்றாவது ஒலி. லப் என்பது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வுகள் மூடுவது. டப் என்பது பெரிய ரத்தக் குழாய்களின் வாயிலுள்ள வால்வுகள் மூடுவது. டப்புக்குப் பிறகு கீழறையில் ரத்தம் வேகமாக வந்து விழும். ஏற்கனவே நிறைந்து விறைத்திருக்கும் அறையில் அந்த வரவு சட்டென்று தடைபட, சுவர் அதிர்கிறது. டப்புக்கு 0.15 விநாடி கழித்து, 'ம்' என்று ஒரு தாழ்ந்த அதிர்வு. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தை விரலால் லேசாகத் தொட்டுவிட்டதுபோல இருக்கும். இதயம் வேகமாக ஓடும்போது மூன்றும் கிட்டத்தட்டச் சம இடைவெளியில் விழுவதால் 'தகிட தகிட' என்று குதிரை ஓடுவதுபோலாகும். 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர்கள் வைத்த குதிரைப் பாய்ச்சல் என்ற பெயர்தான் இன்றும் வார்டில் 'கேலப்' என்று வழங்குகிறது.

தாழ்ந்த ஒலி என்பதால் ஸ்டெத்தின் தட்டையான பக்கத்தில் அது வராது. சிறிய கிண்ணம் மாதிரி இருக்கும் 'பெல்' பக்கம் வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் ஸ்டெத்தின் தலையை பெல் பக்கம் திருப்ப மறந்துவிட்டு ஒன்றுமே கேட்கவில்லை என்பார்கள். பெல்லை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டால் போதும். அடுத்த தவறு, அழுத்துவது. ஒன்றும் கேட்கவில்லையே என்று பதறி அழுத்துவார்கள். அழுத்தினால் கீழேயுள்ள தோல் முறுக்கேறித் தட்டைப் பக்கம்போலவே வேலை செய்யும். தாழ்ந்த ஒலி மறைந்துவிடும். விளிம்பு தோலில் இடைவெளியில்லாமல் படியும் அளவுக்கு மட்டும் வைக்கவேண்டும். எடுத்தால் லேசான வட்டத் தடம்கூடத் தெரியக்கூடாது.

"ஐயா, கொஞ்சம் இடது பக்கமா சாஞ்சுக்கங்க" என்று அவள் கேட்கட்டும். இரண்டு தலையணையில் தலையை உயர்த்தியபடியே சாய்க்கவேண்டும். அப்படிச் சாய்ந்தால் இதயத்தின் நுனி மார்புச்சுவரை ஒட்டி வரும். நுனித் துடிப்பை விரலால் தேடிய பிறகே பெல்லை வைக்கவேண்டும். சாதாரணமாக அது ஐந்தாவது விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில் இருக்கும். இவருக்கு இதயம் பெரிதாகிவிட்டதால் சாய்வதற்கு முன்பே ஆறாவது இடைவெளியில், அக்குள் பக்கமாக விலகியிருக்கும்.

எது லப், எது டப் என்பதிலேயே அவள் குழம்புவாள். இடது கை விரலைக் கழுத்து நாடியில் வைத்தால் நாடி தட்டுவதோடு ஒட்டி வருவது லப். பிறகு மார்பெலும்பின் வலப்புறம், இரண்டாவது இடைவெளியில் தொடங்கலாம். அங்கே டப் உரக்கக் கேட்கும். அந்த டப்பை மட்டும் காதில் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக நுனிவரை இறங்கவேண்டும். நுனிக்கு வந்ததும் ஒரே கேள்வி: டப்புக்குப் பிறகு வெறுமையா, ஏதாவது இருக்கிறதா? பெரியவர் மூச்சை விட்டு முடிக்கும் இடத்தில் அது தெளிவாகும்.

"கேட்குதா?" என்று பி.ஜி. கேட்டால் கேட்காவிட்டாலும் "கேட்குது மேடம்" என்றுதான் மாணவி சொல்வாள். ஆகவே நல்ல பி.ஜி., "கேட்கிறதைக் கட்டில் கம்பியில தட்டிக் காட்டும்மா" என்பார். முதலில் இரண்டு தட்டாகத் தட்டுவாள். "அழுத்தாதே, கையை இலேசாக்கு." மூன்றாவது தட்டு தயங்கி விழும். "இப்போ அழுத்து." மறையும். "விடு." திரும்ப வரும். இந்த வரவும் போக்கும் காதுக்குப் பிடிபட்டுவிட்டால் அது கற்பனையல்ல. டப்பே இரண்டாகப் பிளந்து கேட்பதும் உண்டு. ஆனால் அது உயர்ந்த ஒலி, மார்பின் மேல்பக்கம் கேட்கும், அழுத்தினால் போகாது.

இரண்டு செய்திகளைக் கதையில் எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒலி இல்லாத ஹார்ட் ஃபெயிலியர் நிறைய உண்டு. கேட்கவில்லை என்பதற்காக நோயில்லை என்று அவள் முடிவு கட்டக்கூடாது. ஒல்லியான இளவயதுக்காரர்களுக்கு இதே ஒலி இயல்பாகவே கேட்கலாம். ஹாஸ்டல் அறைத்தோழியின் நெஞ்சில் அவள் முன்பே பழகிப் பார்த்து, ஒருநாள் பயந்துபோனவளாக இருக்கலாம்.

முடிவுக்கு ஒரு யோசனை. நீர் இறங்க இறங்க அந்த ஒலி மங்கும். நாலாம் நாள் மற்ற மாணவர்களை அழைத்து வந்து, பெரியவரை இடப்பக்கம் சாய்த்து, அவளே இடத்தையும் காட்டிக் கொடுக்கிறாள். பெல்லை வைத்துக் கேட்டவன் கம்பியில் இரண்டு முறை மட்டும் தட்டுகிறான்.