கூடு எடை நிற்கிறது, நூல் ஏன் அறுகிறது?

கேள்வி: ஐயா, தேன்கனிக்கோட்டை பக்கம் இருக்கோம். வெண்பட்டுப் புழு 100 முட்டைத்தொகுதி வளர்க்கிறோம். கூட்டு எடை நல்லா வருது, கறைக் கூடும் குறைவு. ஆனா மழைக்கால ஈட்டுல மட்டும் "நூல் அறுந்துக்கிட்டே வருது"ன்னு நூற்பாலைக்காரர் விலையைக் குறைக்கிறார். தழையில குறையா, முட்டையில குறையா?

பதில்: இரண்டிலும் இருக்க வாய்ப்பு குறைவு. தழையிலோ முட்டையிலோ குறை இருந்தால் முதலில் எடையும் ஓட்டின் கனமும்தான் குறையும். பத்துக் கூடுகளை எடை போட்டு, பிறகு அறுத்து, கூட்டுப்புழுவை எடுத்துவிட்டு ஓட்டின் எடையை மட்டும் பாருங்கள். சராசரியாக ஒரு கூடு 1.8 கிராம், ஓடு 0.38 கிராம் என்று வந்தால் ஓடு 21 விழுக்காடு. வெண்பட்டுக்கு அது நல்ல அளவு. அப்படி இருந்தால் குறை நுழைந்தது, கூடு கட்டுவதற்கான தட்டான சந்திரிகையில் புழு ஏறிய பிறகுள்ள மூன்று நாட்களில்தான்.

முட்டை பொரிந்து நான்கு முறை தோலுரித்து, 24 நாள் வாக்கில் புழு பழுக்கிறது. அப்போது உடலின் இரு பக்கமும் உள்ள பட்டுச் சுரப்பிகள் நிறைந்திருக்கும். வாய்க்குக் கீழுள்ள துளை வழியே இரண்டு இழைகள் ஒன்றாக வருகின்றன. உள்ளே இருப்பது ஃபைப்ராயின், அதுதான் பட்டு. அதன்மேல் பூசி வரும் பசை செரிசின், இழையின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு. புழு தலையை எட்டு வடிவில் ஆட்டி ஒரே இடத்தில் பதினைந்து, இருபது சுற்று போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்கிறது. ஒவ்வொரு சுற்றும் கீழுள்ள சுற்றின்மேல் ஈரப் பசையோடு விழுகிறது. பசை சீக்கிரம் காய்ந்தால் லேசாக ஒட்டும். நூற்பாலையில் கூட்டை வேக வைத்ததும் பசை இளகி இழை தானாகக் கழன்று வரும்.

மழைக்காலத்தில் அந்தப் பசை சீக்கிரம் காய்வதில்லை. நெடுநேரம் ஈரமாகவே இருந்துவிட்டுக் காயும் செரிசின், வெந்நீரில் எளிதில் இளகாத தன்மைக்கு மாறிவிடுகிறது. சுற்றோடு சுற்று இறுக ஒட்டிக்கொள்ள, இழுக்கும்போது இழை கழலாமல் அறுகிறது. கூட்டை வெளியே பார்த்தால் இது தெரியாது, எடையிலும் தெரியாது. நூற்பாலையில் இதைக் கணக்காகவே பார்ப்பார்கள்: 100 கூட்டை முழுதாக நூற்க 125 முறை இழைமுனை தேடிப் பிடிக்க வேண்டியிருந்தால் நூற்புத்திறன் 80. அது நல்ல கூடு. 200 முறை தேட வேண்டியிருந்தால் 50தான். 20/22 டெனியர் தடிமனுள்ள நூலுக்கு ஏழெட்டுக் கூடுகளின் இழை சேர்ந்து ஓடுகிறது. ஒன்று அறுந்தாலும் அந்த இடத்தில் நூல் மெலிகிறது. பிறகு முறுக்கேற்றும்போதும் பாவு ஓட்டும்போதும் அதே மெலிவில்தான் இழை அறும். சோப்பும் சோடாவும் சேர்த்துக் கொதிக்கவைத்துப் பசை நீக்கிச் சாயமிட்டால், துணியில் ஏற்ற இறக்கமாகத் தெரியும். உங்கள் விலை குறைவது அங்கிருந்து வருகிறது.

புழு கூடு கட்டும் நாட்களில் 24, 25 டிகிரி வெப்பமும் 60 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும். ஒன்றை மறந்துவிடக் கூடாது: ஈரத்தைக் கொண்டு வருவது மழை மட்டுமல்ல, புழுவும்தான். பழுத்த புழு நூற்கத் தொடங்கும் முன் கடைசிக் கழிவையும் சிறுநீரையும் விடுகிறது. நாற்பத்தைந்தாயிரம் புழு ஒரே கொட்டகையில் அதைச் செய்தால், சாத்திய கதவுக்குள் காற்று நனைந்து நிற்கும்.

ஆகவே சந்திரிகையை வளர்ப்பு மனைக்குள் வைக்காதீர்கள். கூரையுள்ள, காற்றோட்டமான தாழ்வாரத்தில் சாய்த்து வையுங்கள். சதுர அடிக்கு 45 புழுவுக்கு மேல் வேண்டாம். ஆறுக்கு நாலு அடி சந்திரிகை என்றால் ஏறத்தாழ ஆயிரம் புழு, உங்கள் ஈட்டுக்கு 45 சந்திரிகை. நெருக்கினால் இரண்டு புழு சேர்ந்து கட்டும் இரட்டைக் கூடும் அதிகமாகும். உடல் கண்ணாடிபோல் மாறி, தழை தின்பதை நிறுத்திய புழுவை மட்டும் ஏற்றுங்கள். பழுக்காததை ஏற்றினால் அது அங்கேயே அதிகம் கழித்து, பக்கத்துக் கூட்டையும் நனைக்கும். கீழே செய்தித்தாள் விரித்து, மறுநாள் நனைந்த தாளை எடுத்துவிடுங்கள். பலர் விடுவது இந்த வேலையைத்தான்.

மழை அடிக்கிறதென்று தார்ப்பாயால் நாலு பக்கமும் மூடுவதுதான் பெரிய கேடு. சாரல் வரும் பக்கத்தை மட்டும் மறைத்து, எதிர்ப்பக்கம் திறந்திருக்கட்டும். மேலே காற்றை வெளியேற்றும் விசிறி ஓடட்டும். ஆனால் காற்று புழுமேல் நேராக அடித்தால் அது நூற்பதை நிறுத்தி நகரும், அங்கேயும் இழை அறும்.

ஏழாம் நாள் அறுவடை செய்யுங்கள். அதற்கு முன் ஒரு கூட்டை அறுத்துப் பாருங்கள். உள்ளே கூட்டுப்புழுவின் தோல் கெட்டிப்பட்டுப் பழுப்பாக இருக்க வேண்டும். மஞ்சளாக, மென்மையாக இருந்தால் வண்டிக் குலுக்கலில் உடைந்து உள்ளிருந்தே கறை படியும்.

அடுத்த மழை ஈட்டில் பாதிச் சந்திரிகையைத் தாழ்வாரத்திலும் பாதியைப் பழைய இடத்திலும் வைத்து, கூட்டைக் கலக்காமல் தனித்தனிக் குவியலாக ஏலத்துக்குக் கொண்டு போங்கள். வாங்குபவரிடம் இரண்டின் நூற்புத்திறனையும் கேட்டு எழுதி வையுங்கள். தாழ்வாரக் கூடும் அப்படியே அறுந்தால் மட்டும், அடுத்ததாக நூற்பாலையில் கூடு உலர்த்துவதையும் வேக வைப்பதையும் பார்க்கலாம்.