இருவருக்கும் சொன்ன 'சரி'

அன்புள்ள அண்ணா,
வீட்டிலோ வேலையிலோ யாருடைய குரலாவது உயர்ந்தால் உடனே 'சரி' என்று சொல்லிவிடுகிறேன். இரவெல்லாம் மனசு அரிக்கிறது. இது சிறுவயதுப் பழக்கமா? யாரையும் புண்படுத்தாமல் உண்மையைச் சொல்ல எப்படிப் பழகுவது?
- ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

பெரும்பாலும் சிறுவயதில் வருவதுதான். ஆபத்தில் எதிர்ப்பது, ஓடுவது, உறைந்துபோவது ஆகிய மூன்றோடு, எதிராளியைக் குளிர்விப்பதையும் நான்காவதாகச் சேர்த்தார் அமெரிக்க உளசிகிச்சையாளர் பீட் வாக்கர். அதை இங்கேயே விடுவோம். காரணம் தெரிந்துவிட்டதால் வாய் நின்றுவிடாது.

'யாரையும் புண்படுத்தாமல்' என்கிறீர்களே, அந்த நிபந்தனைதான் உங்களைக் கெடுக்கிறது. அது கருணை இல்லையம்மா, பயம். நானும் அதைக் கருணை என்றே நம்பியிருந்தேன்.

நண்பர்கள் இருவர் சேர்ந்து ஒரு சிறுபத்திரிகை நடத்தினார்கள். நிறுத்திவிடலாம் என்றார் ஒருவர். கடன் வாங்கியாவது நடத்தலாம் என்றார் மற்றவர். தனித்தனியாக என்னிடம் கேட்டார்கள். இருவரிடமும் 'நீ சொல்வதுதான் சரி' என்றேன். ஒரு மாதம் கழித்து மூவரும் ஒன்றாக உட்கார்ந்தபோது, இருவருமே 'இவனைக் கேள்' என்று என்னைக் காட்டினார்கள். இரண்டாமவர் மெதுவாகக் கேட்டார்: "நீ சொன்னதை நம்பித்தானே கடன் வாங்கினேன்?" நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் அன்றைக்கும் என் கருத்து.

அப்புறம் பழகினேன். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே என் தலை ஆடத் தொடங்கிவிடும். அதைக் கவனிப்பதுதான் முதல் வேலை. தலை ஆடினால், "யோசித்து நாளை மாலை ஆறு மணிக்குச் சொல்கிறேன்" என்பேன். மணியைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். வெறுமனே 'யோசிக்கிறேன்' என்றால் அதுவும் நழுவல்தான். சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியமாக எழுதி வைத்துக்கொள்வேன். கூடவே காரணங்களை அடுக்க மாட்டேன். ஐந்து காரணம் சொன்னால், அதில் சொத்தையான ஒன்றைப் பிடித்து நம்மை மடக்கிவிடுவார்கள். சொல்லி முடித்தபின் வரும் மௌனத்தில்தான் நான் பலமுறை தோற்றிருக்கிறேன். 'இருந்தாலும் உன் விருப்பம்' என்று அவசரமாகச் சொல்லி, எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

எந்தப் படத்துக்குப் போவது என்பது போன்ற சின்ன விஷயங்களில் தொடங்குங்கள். கை நீட்டுகிற ஆளிடம் மட்டும் இந்தப் பயிற்சி வேண்டாம். அங்கே 'சரி' என்று சொல்லித் தப்பிப்பது தப்பே இல்லை. முதலில் பாதுகாப்பைப் பாருங்கள்.

கடன் வாங்கிய அதே நண்பர் போன மாதம் தன் நாவலைப் படிக்கக் கொடுத்தார். நாளும் நேரமும் குறித்துக்கொண்டு, அதே நேரத்தில் அழைத்தேன். "நடுவில் நூறு பக்கம் தேவையில்லை" என்றேன். அவர் பேசவில்லை. கை வியர்த்தது. நானும் பேசவில்லை.

"எந்தப் பக்கத்திலிருந்து?" என்று கேட்டார்.