காரைக்குடி வெயிலுக்குச் செடி லேபிளை எப்படிப் படிப்பது?

கேள்வி: நர்சரியில் வாங்கும் செடிகளில் ஃபுல் சன், பார்ட் ஷேட், பிரைட் இன்டைரக்ட் லைட் என்று போட்டிருக்கிறது. காரைக்குடி வெயிலுக்கு இதை எப்படி எடுத்துக்கொள்வது?

ஃபுல் சன் என்றால் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர் வெயில். பார்ட் ஷேட் என்றால் மூன்று முதல் ஆறு மணி நேரம். அந்த வெயில் எந்த நேரத்தில் விழவேண்டும் என்று லேபிளில் இருக்காது, நம் ஊரிலோ அதுதான் முக்கியம். பார்ட் ஷேட் செடிக்குக் காலை பத்தரை வரை விழும் வெயில் போதும். அதே நான்கு மணி நேரத்தைச் சித்திரையில் உச்சிக்கு மேல் கொடுத்தால் இலை வெந்துவிடும். செம்பருத்தி, காகிதப்பூ, மல்லிகை எல்லாம் நாள் முழுக்கத் தாங்கும். தக்காளியின் லேபிளிலும் ஃபுல் சன் என்றுதான் இருக்கும், ஆனால் கோடையில் மதியத்துக்கு மேல் பச்சை வலை கட்டாவிட்டால் பூ உதிர்ந்துவிடும்.

பிரைட் இன்டைரக்ட் என்றால் வெயில் மேலே படக்கூடாது, வெளிச்சம் மட்டும் நிறைய வேண்டும். மதியம் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஓர் அடி உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். நிழலின் ஓரம் கத்தி மாதிரி தெரிந்தால் அது நேர் வெயில். விரல்கள் தெரிந்து ஓரம் மங்கலாக இருந்தால் சரியான இடம். நிழலே தெரியாவிட்டால் வெளிச்சம் போதாது. அங்கே வைத்தால் செடி காம்பை நீட்டிக்கொண்டு வெளிச்சத்தின் பக்கம் சாயும்.

இந்தச் சோதனையை வருடத்தில் இரண்டு முறை செய்யுங்கள். எங்கள் வீட்டு வளவில், முற்றத்தின் தென்பக்கத் தாழ்வார ஓரத்தில் ஒரு ஆந்தூரியம் வைத்திருந்தேன். தை மாதத்தில் கைநிழல் மங்கலாக விழுந்தது, செடியும் செழிப்பாக இருந்தது. வைகாசியில் முற்றத்தைப் பார்த்திருந்த இலைகளில் மட்டும் வெளுத்த திட்டு விழுந்தது. நாலைந்து நாளில் அது காய்ந்த காகிதம் மாதிரி பழுப்பாகிவிட்டது. மண் ஈரமாகவே இருந்ததால் தண்ணீர்க் குறை இல்லை என்று புரிந்தது.

காரணம் சூரியன் நகர்ந்ததுதான். காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நமக்கு உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். பத்தடி உயரத் தாழ்வார விளிம்புக்குக் கீழே, ஜூனில் தென்பக்கம் இரண்டடிக்கு மேல் வெயில் நுழைகிறது. டிசம்பரில் இது தலைகீழ்: வடபக்கத் தாழ்வாரத்தில் ஆறடிக்கு மேல் நுழையும். வடக்கு பார்த்த பக்கம் எப்போதும் நிழல் என்று எழுதுகிறார்களே, அது நமக்கு மேலே இருக்கும் குளிர்நாடுகளுக்குப் பொருந்தும்.

தொட்டியை மூன்றடி உள்ளே தள்ளினேன். வெந்த இலை திரும்பப் பச்சையாகாது, அதை வெட்டிவிடலாம். அடுத்து விரிந்த இலை திட்டில்லாமல் வந்தது.