டப்பா காலியாகும் நாள் எது? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: இளம்பிள்ளையில் சேலை வியாபாரம். ஒரு ரீல்ஸை 40 ஆயிரம் பேர் பார்த்தார்கள், ஆர்டர் வந்தது நாலு. இன்னும் அதிகமாக ரீல்ஸ் போடலாமா?

வேண்டாம். பார்த்தவர் அடுத்த அடி எங்கே வைப்பார்? உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாச் சேலைக்கும் கீழே 'விலைக்கு டி.எம். பண்ணவும்' என்று இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்குப் பார்ப்பவர் கேட்டுவிட்டுக் காலை வரை காத்திருக்க மாட்டார். விலையையும் கூரியர் செலவையும் படத்தின் கீழேயே எழுதுங்கள். அப்புறமும் ஆர்டர் வராவிட்டால், கேட்டுவிட்டு வாங்காமல் போன பத்துப் பேரிடம் காரணம் கேளுங்கள். நீங்களாக ஊகிக்காதீர்கள்.

கேள்வி: என் தொழிலுக்கு ஏற்ற கஸ்டமர் ஜர்னி மேப் ஒன்று அனுப்பவும். அவசரம்.

என்ன தொழில் என்றே நீங்கள் எழுதவில்லை. கடைசியாக இரண்டாம் முறை வாங்கிய 20 பேரிடம், முதலில் எங்கே பார்த்தார்கள், யாரிடம் விசாரித்தார்கள், எது தயங்க வைத்தது என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். முதலில் பார்த்ததிலிருந்து மறுபடி வாங்கும் வரை வாடிக்கையாளர் நடந்து வந்த வழி அது, அதுதான் உங்கள் மேப்.

கேள்வி: ஏற்காடு ஏரிப் பக்கம் கடை, சொந்தமாக அரைத்த காபித்தூள். சீசனில் நன்றாகப் போகிறது. வாங்கினவர்கள் மறுபடி ஆர்டர் செய்வதில்லை. ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

இப்போதைக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல், புதிதாக யாரைப் பிடிக்கலாம் என்றுதான் கேட்கின்றன. பணம் கொடுத்து வாங்கி, வீட்டில் கொதிக்க வைத்துக் குடித்தவரை யாரும் நினைப்பதில்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

உங்கள் வாடிக்கையாளர் உங்களை முதலில் பார்ப்பது போனில் இல்லை, கடை வாசலில், வறுத்த வாசனையில். அங்கே உங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. ஈரோட்டுக்கோ சென்னைக்கோ திரும்பியதும் அவர் முதல் வேலையாகத் தூளை டப்பாவில் கொட்டுவார், கவரைக் குப்பையில் போடுவார். உங்கள் பெயரும் நம்பரும் கவரோடு போய்விடும். தூள் தீரும்போது அவர் கண் முன்னால் இருப்பது தெருமுனைக் கடைதான். வழி அறுந்த இடம் இது.

அதனால் கடையை விட்டுப் போனபின் அவர் உங்களை மறுபடி சந்திக்கிற முதல் இடம், அதாவது டச்பாயிண்ட், டப்பாவில் ஒட்டுகிற ஸ்டிக்கர். கடைப் பெயர், வாட்ஸ்அப் கியூஆர், 'இத்தனை சதவீதம் சிக்கரி' என்ற குறிப்பு, அவ்வளவு போதும்.

அடுத்து, பில் போடும்போது மூன்றே கேள்வி: வீட்டுக்கா, யாருக்காவது கொடுக்கவா? வீட்டில் எத்தனை பேர் குடிப்பார்கள்? வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாமா? பரிசாகக் கொடுக்க வாங்கினவரை விட்டுவிடுங்கள், அவருக்கு எப்போது தீரும் என்று தெரியாது.

இனி கணக்கு. ஒரு டம்ளருக்குச் சுமார் 10 கிராம். இரண்டு பேர், இரண்டு வேளை என்றால் ஒரு நாளைக்கு 40 கிராம். அரைக்கிலோ 12 நாள் வரும். கூரியருக்கு மூன்று நாள் கழித்தால், ஊர் சேர்ந்த எட்டாம் அல்லது ஒன்பதாம் நாள் செய்தி போக வேண்டும். அதற்கு முன், மூன்றாம் நாள் வாக்கில், 'டிகாஷன் சரியாக இறங்குகிறதா?' என்று மட்டும் கேளுங்கள். அப்போது விற்கப் பார்க்காதீர்கள். தண்ணியாக இறங்குகிறது என்றால் அரைவையை மாற்றித் தருகிறேன் என்று சொல்லலாம். மனக்குறையோடு பேசாமல் போகக்கூடியவர் அந்தக் கேள்வியால்தான் உங்களோடு தங்குவார்.

வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் போட்டு, வாங்கிய வாரப்படி ஆட்களைப் பிரித்து வையுங்கள். பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பினால், உங்கள் நம்பரைப் பதிந்து வைத்தவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அதனால் கடையிலேயே பதியச் சொல்லுங்கள்.

நாள் சரியா என்பதைப் பதிலே சொல்லிவிடும். 'இன்னும் இருக்கு' என்று பலர் எழுதினால் நீங்கள் முந்திவிட்டீர்கள். 'நேத்துதான் இங்கேயே வாங்கினேன்' என்றால் பிந்திவிட்டீர்கள். இரண்டு மூன்று நாள் நகர்த்திப் பாருங்கள். அதையும் நோட்டில் எழுதுங்கள், ஊகிக்காதீர்கள்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடை. ஒரு தடவை வாங்கினால் வருஷக்கணக்கில் வரமாட்டார்கள். எங்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும், நாள் கணக்குதான் வேறு. வெள்ளி கறுக்கும், திருகு தளரும். ஆறு மாதத்தில் 'பாலிஷ் போட்டுத் தருகிறோம், திருகும் பார்க்கிறோம்' என்று ஒரு செய்தி அனுப்புங்கள். பாலிஷுக்கு வருகிறவர் மகள் காலையும் கூட்டிக்கொண்டுதான் வருவார்.

கேள்வி: ஏற்காட்டில் ஹோம்ஸ்டே. கூகுள் ரிவ்யூ எப்போது கேட்கலாம்?

பெட்டியைக் காரில் ஏற்றும்போது கேட்காதீர்கள். வீடு சேர்ந்த மறுநாள் சாயங்காலம், லிங்க்கோடு ஒரே ஒரு முறை.