இட்லிக்கு என்ன விலை போடலாம்? டிபன் கடைக்காரர்களின் கேள்விகள்

கேள்வி: சரக்குச் செலவு விற்பனை விலையில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சொன்னார்கள். அந்தக் கணக்குப்படி போட்டால் ரெண்டு இட்லி 58 ரூபாய் வருகிறது. எதிர்க்கடையில் 35 ரூபாய். நான் எப்படி விற்பது?

முதலில் அந்த 58 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். விலைகளை உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, உப்பு, வெந்தயம் எல்லாம் சேர்த்து 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதில் சுமார் 50 இட்லி வரும், ஆக ரெண்டு இட்லிக்கு 3 ரூபாய் 20 காசுதான். மீதிச் செலவு முழுக்கத் தொட்டுக்கொள்வதில் இருக்கிறது. சாம்பார் லிட்டர் 36 ரூபாய், பிளேட்டுக்கு 200 மில்லி என்றால் 7.20. தேங்காய்ச் சட்னி 4, காரச் சட்னி 2, இலை 1. மொத்தம் 17.40.

இட்லியின் செலவு இட்லியில் இல்லை, வாளியில் இருக்கிறது. அந்த 200 மில்லியும் கரண்டியால் அளந்து வந்த கணக்காக இருக்கக்கூடாது. காலையில் எத்தனை லிட்டர் சாம்பார் வைத்தோம், கடைசியில் எவ்வளவு மிஞ்சியது, எத்தனை பிளேட் போனது என்று மூன்று நாள் எழுதி வகுத்துப் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது முறை ஊற்றியதும் அதில் வந்துவிடும். முதல் கரண்டியை மட்டும் கணக்குப் போட்டு ஏமாறுகிற கடைகள் ஏராளம்.

சரி, 17.40-ஐ 0.30-ஆல் வகுத்தால் 58. ஆனால் 30 சதவீதம் என்பது ஒவ்வொரு பண்டத்துக்கும் போடுகிற சட்டம் இல்லை, முழுக்கடைக்கும் பார்க்கிற சராசரி. இட்லி விலையை வாடிக்கையாளர் மனப்பாடமாக வைத்திருப்பார், நெய் ரோஸ்ட் விலையை வைத்திருக்க மாட்டார். அதனால் இட்லி 40-க்குப் போகட்டும். சரக்குச் செலவு, அதாவது ஃபுட் காஸ்ட், 43.5 சதவீதம் வரும், பார்க்கக் கொஞ்சம் பயமாக இருக்கும், ஆனால் பிளேட்டுக்கு 22.60 கையில் நிற்கிறது. அந்த நிற்கும் காசைத்தான் கான்ட்ரிபியூஷன் மார்ஜின் என்கிறார்கள். வாடகை, சம்பளம், கேஸ், கரண்ட் எல்லாம் அதிலிருந்துதான் போகவேண்டும்.

கேள்வி: பொங்கல் ஃபுட் காஸ்ட் 42 சதவீதம், சாதா தோசை 32 சதவீதம். பொங்கலை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள், ரூபாயில் ஒருதரம் பாருங்கள். பொங்கல் 60 ரூபாய், சரக்கு 25, நிற்பது 35. தோசை 50 ரூபாய், சரக்கு 16, நிற்பது 34. சதவீதத்தில் பத்து புள்ளி தள்ளி இருக்கிற ரெண்டும் கல்லாவில் ஏறக்குறைய ஒன்றுதான். சதவீதத்தை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்காரரிடம் வாடகை கொடுக்க முடியாது.

இன்னொரு விஷயம். காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை உங்கள் கடையில் எது தட்டுப்பாடு? பெரும்பாலும் தோசைக்கல்தான். பொங்கல் அண்டாவிலிருந்து அள்ளி வைப்பது, கல்லைத் தொடுவதே இல்லை. அதனால் நெரிசல் நேரத்தில் கல்லில் போடுகிற பண்டங்களை நிமிடக் கணக்கில் ஒப்பிடுங்கள். தோசைக்கு மூன்று நிமிடம், 34 ரூபாய், நிமிடத்துக்குச் சுமார் 11. நெய் ரோஸ்ட் 80 ரூபாய்க்குப் போனால் சரக்கு 24, நிற்பது 56, நான்கு நிமிடம் பிடித்தாலும் நிமிடத்துக்கு 14. ஊத்தப்பம் 60 ரூபாய், சரக்கு 19, நிற்பது 41, தோசையைவிட லாபம் மாதிரி தெரியும். ஆனால் வெங்காயம் வேகவேண்டும், திருப்பிப் போடவேண்டும், ஐந்து நிமிடம் கல்லை அடைத்துக்கொள்ளும், நிமிடத்துக்கு 8 ரூபாய்தான். ஊத்தப்பத்தைப் பத்து மணிக்கு மேல் தள்ளுங்கள், இல்லாவிட்டால் விலையை ஏற்றுங்கள். கல் காலியாகக் கிடக்கிற நேரத்தில் இந்த நிமிடக் கணக்கு தேவையே இல்லை.

பொங்கலுக்கு எதிராகவும் ஒன்று சொல்லவேண்டும். தோசை மாவு மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வைத்து மாலைக்கு ஓட்டலாம், பொங்கல் மிஞ்சினால் போச்சு. 60 பிளேட்டுக்கு வைத்து 48 விற்றால், சாம்பார் சட்னி நீங்கலாகப் பொங்கலுக்கு மட்டும் பிளேட்டுக்கு 16 ரூபாய் என்று வைத்து, 12 பிளேட்டில் 192 ரூபாய் நஷ்டம். விற்ற 48-இல் பரப்பினால் பிளேட்டுக்கு 4 ரூபாய், நிற்பது 31. தினமும் இவ்வளவு மிஞ்சுகிறது என்றால் அளவைக் குறைக்கவேண்டியதுதான், விலையில் கை வைத்துப் பிரயோஜனம் இல்லை.

கேள்வி: ஒவ்வொரு பண்டமாகக் கணக்குப் போட்டால் 34 சதவீதம் வருகிறது. மாசக் கடைசியில் பார்த்தால் 41. எங்கே போகிறது?

மாதக் கணக்கை எப்படிப் போட்டீர்கள் என்று முதலில் பாருங்கள். வாங்கிய பில்களை மட்டும் கூட்டினால் தப்பு. ஆரம்ப இருப்பு 60,000, வாங்கியது 2,40,000, கடைசி இருப்பு 45,000 என்றால் செலவானது 2,55,000. விற்பனை 6,20,000 எனில் 41 சதவீதம் சரிதான். 34 என்றால் 2,10,800 தான் ஆகியிருக்கவேண்டும், இடைவெளி 44,200.

இதில் ஆட்கள் சாப்பாடு கலந்திருக்கும். எட்டு பேர், ஆளுக்கு நாளைக்கு 60 ரூபாய் சரக்கு என்றாலே மாதம் 14,400. அது வீண் இல்லை, சம்பளக் கணக்கில் எழுதவேண்டியது, அவ்வளவுதான். மீதி முப்பதாயிரத்துக்குப் பக்கம்தான் தேடவேண்டிய காசு. எல்லாவற்றையும் ஒரே நாளில் துரத்தாமல், எண்ண முடிகிற ஒரு சரக்கைப் பிடியுங்கள். பால் இதற்கு நல்லது. காபிக்கும் டீக்கும் 100 மில்லி பால் என்பது உங்கள் அளவானால் 20 லிட்டரில் 200 போகவேண்டும். பில்லில் 165 தான் இருக்கிறது என்றால், ஒன்று மாஸ்டர் கை தாராளம், அல்லது பில் இல்லாமல் டம்ளர் போகிறது, அல்லது பால் திரிகிறது. ரெண்டு நாள் பக்கத்தில் நின்றால் எது என்று தெரிந்துவிடும். அப்புறம் நெய், அப்புறம் எண்ணெய்.

கேள்வி: இட்லியை 40-லிருந்து 45 ஆக்கினால் ஆள் குறைந்துவிடுமே?

எவ்வளவு குறைந்தால் தாங்கும் என்று கேளுங்கள். இப்போது பிளேட்டுக்கு 22.60, நாளைக்கு 200 பிளேட் என்றால் 4,520. ஐந்து ரூபாய் ஏற்றினால் 27.60 நிற்கும், அதே 4,520 வர 164 பிளேட் போதும். 36 பிளேட் போனாலும் இட்லிக் கணக்கில் நஷ்டமில்லை. ஆனால் போகிறவர் இட்லியை மட்டும் விட்டுவிட்டுப் போவதில்லை, வடையையும் காபியையும் சேர்த்துக் கொண்டுபோவார். அதனால் 36 என்பதைப் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள். விலை ஏற்றிய பிறகு ரெண்டு மூன்று வாரம் இட்லி எண்ணிக்கையோடு காபி எண்ணிக்கையையும் எழுதி வாருங்கள். ரெண்டும் சேர்ந்து இறங்கினால் ஆள் போகிறது. இட்லி இறங்கி தோசை ஏறினால் ஆள் இங்கேதான் இருக்கிறார், தட்டு மட்டும் மாறியிருக்கிறது.

கேள்வி: போர்டு விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறது. எந்த விலையை வைத்துச் சதவீதம் போடுவது?

வரி போக உங்களுக்கு வருவதை வைத்து. 5 சதவீதம் உள்ளடங்கிய 40 ரூபாயில் உங்களுடையது 38.10 தான், ஆக மேலே சொன்ன 22.60 உங்களுக்கு 20.70. சிறு கடைகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்க முடியாது, 40-இல் 2 ரூபாயை நீங்களே கட்டவேண்டும். இந்த ரெண்டு வகையிலும் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அதனால் சரக்கு விலையை வரியோடு சேர்த்தே எழுதுங்கள்.