n/3-க்கு மேல் வரும் எண்கள்: கோடு ஏன் ஒரே எண்ணை இரண்டு தடவை தருகிறது?

கேள்வி: ஒரு அரேயில் n/3 தடவைக்கு மேல் வரும் எண்களைக் கண்டுபிடிக்க இரண்டு வேட்பாளர், இரண்டு கவுண்டர் வைக்கிறார்களே, அது எப்படிச் சரியாக வருகிறது? என் கோடு சில சமயம் ஒரே எண்ணை இரண்டு தடவை கொடுக்கிறது. இன்டர்வியூவுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பதில்:

உங்கள் கோடைப் பார்க்காமலே சொல்கிறேன். வேட்பாளர்கள் m1, m2 என்றும் அவற்றின் கவுண்டர்கள் c1, c2 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். லூப்புக்குள் `c1 == 0` என்ற சோதனை, `x == m2` என்ற சோதனைக்கு முன்னால் இருக்கும். அப்படி இல்லையென்றால் m1, m2 இரண்டையும் 0 என்று தொடங்கியிருப்பீர்கள். [0, 0, 0] கொடுத்துப் பாருங்கள், 0 இரண்டு தடவை வரும். எங்கிருந்தோ எடுத்து மனப்பாடம் செய்த கோடு என்றால் முதலாவதுதான் காரணமாக இருக்கும். கோபித்துக்கொள்ள வேண்டாம், நிறைய பேரிடம் பார்த்திருக்கிறேன்.

சரியான வரிசை இது:

```python
def more_than_third(a):
    m1 = m2 = None
    c1 = c2 = 0
    for x in a:
        if x == m1:
            c1 += 1
        elif x == m2:
            c2 += 1
        elif c1 == 0:
            m1, c1 = x, 1
        elif c2 == 0:
            m2, c2 = x, 1
        else:
            c1 -= 1
            c2 -= 1
    return [m for m in (m1, m2)
            if m is not None and 3 * a.count(m) > len(a)]
```

முதலில் "இந்த எண் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறதா" என்று இரண்டு நாற்காலியிலும் பார்க்க வேண்டும். இரண்டிலும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் காலி நாற்காலி தேட வேண்டும். இந்த வரிசையில் எழுதினால் m1-உம் m2-உம் ஒரே எண்ணாக ஆகவே முடியாது.

இது ஏன் சரி என்பதற்கு அந்த `else` பகுதியைப் பாருங்கள். அங்கே மூன்று வெவ்வேறு எண்கள் ஒன்றாக வெளியே போகின்றன: m1-இல் ஒன்று, m2-இல் ஒன்று, கையில் இருக்கும் x. இப்படி நடப்பது d தடவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் மூன்று போவதால் 3d என்பது n-ஐத் தாண்டாது, அதாவது d அதிகபட்சம் n/3. வெளியே போகிற மூன்றும் வெவ்வேறு எண்கள் என்பதால், எந்த எண்ணாக இருந்தாலும் ஒரு தடவைக்கு ஒன்றுக்கு மேல் இழக்காது. n/3-க்கு மேல் வந்த எண், அதிகபட்சம் n/3 தடவை ஒவ்வொன்றாக இழந்தாலும் ஒன்றாவது மிஞ்சும். அப்படிப்பட்ட எண்கள் இரண்டுக்கு மேல் இருக்கவும் முடியாது, மூன்று இருந்தால் கூட்டுத்தொகை n-ஐத் தாண்டிவிடும். இரண்டு நாற்காலி போதும் என்பது இதனால்தான்.

"வெவ்வேறு" என்பதில்தான் முழு நிரூபணமும் நிற்கிறது. காலி நாற்காலியை முதலில் தேடும் கோடு அதைத்தான் உடைக்கிறது. [7, 7, 5, 3, 4] எடுத்துக்கொள்ளுங்கள். n = 5; 7 இரண்டு தடவை வருகிறது, 3 × 2 = 6, அது 5-ஐ விடப் பெரிது, ஆகவே விடை 7. `c1 == 0`, `c2 == 0` இரண்டையும் முதலில் சோதிக்கும் தப்பான கோடு என்ன செய்யும்? முதல் 7 முதல் நாற்காலிக்குப் போகும். இரண்டாவது 7 வரும்போது c2 பூஜ்யம், அதனால் அது இரண்டாவது நாற்காலிக்குப் போகும். அடுத்து 5, இரண்டு கவுண்டரும் பூஜ்யம். அதாவது ஒரே அடியில் 7 இரண்டை இழந்துவிட்டது. பிறகு 3 முதல் நாற்காலிக்கு, 4 இரண்டாவதற்கு. கடைசிச் சோதனையில் 3-உம் 4-உம் தோற்று, விடை வெறுமை. சரியான கோட்டில் 7-இன் கவுண்டர் 2, 5 வந்து உட்காரும், 3 வரும்போது 7-க்கு 1 மிஞ்சும், 4 காலி இடத்துக்கு வரும். சோதனையில் 7 தேறும்.

ஆக, உங்களுக்கு ஒரே எண் இரண்டு தடவை வருவது நல்ல காலம். சத்தமில்லாமல் விடை காணாமல் போவதுதான் மோசம். அந்த ஐந்து எண்களையும் டெஸ்ட்டில் போட்டு வையுங்கள்.

"டிக்ஷனரியில் எண்ணினால் முடிந்தது, எதற்கு இந்த வித்தை, நிஜ வேலையில் யார் இதை எழுதுகிறார்கள்" என்று கேட்க ஒரு கூட்டம் தயாராக இருக்கும், தெரியும். லேப்டாப்பில் நானும் டிக்ஷனரிதான் போடுவேன், அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் நான் இதை எழுதியது நிஜ வேலையில்தான்.

முன்பு இருந்த கம்பெனியில் நூற்பாலைகளுக்குச் சின்னப் பெட்டி ஒன்று செய்தோம். எந்த மெஷின், என்ன காரணத்தால் நின்றது என்று தகவல் வந்துகொண்டே இருக்கும். மெஷின் எண்ணுக்கு ஒரு பைட், காரணத்துக்கு ஒரு பைட், ஆக 65,536 விதமான கோடுகள் வரலாம். பெட்டிக்குள் இருந்தது ATmega328 என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர், அதில் மொத்த ரேமே 2 கிலோபைட். ஷிஃப்ட் முடிவில் "நின்றதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரே காரணம்" என்று சூப்பர்வைசருக்கு டிஸ்பிளேயில் காட்ட வேண்டும். இரண்டு வேட்பாளர், இரண்டு கவுண்டர், எல்லாம் சேர்ந்து எட்டு பைட். அதற்கு மேல் என்ன வேண்டும்?

முதல் வடிவத்தை எழுதியது என்னுடன் இருந்த ஒரு பையன். ஒருநாள் டிஸ்பிளேயில் ஒரே மெஷின்-காரணக் கோடு மேல் வரியிலும் கீழ் வரியிலும் வந்தது. "அண்ணா, அந்த மெஷின் ரெண்டு சென்சார்ல இருந்தும் அனுப்புது போல" என்றான். வயரைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நான் கோடைத் திறந்து நான்கு `if`-ஐ இடம் மாற்றிக் கொடுத்தேன், நின்றுவிட்டது. பெருமைக்குத்தான் சொல்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பெட்டியில் இன்னொரு சிக்கல் இருந்தது, பாடப்புத்தகக் கேள்வியில் அது வராது. மேலே உள்ள `a.count(m)` இரண்டாவது முறை அரே முழுக்கப் போய் எண்ணுகிறது. எங்களுக்கு வந்து போன தகவல் வந்து போனதுதான், திரும்பிப் பார்க்க எதுவும் சேமிக்கப்படவில்லை. கடைசியில் நிற்கும் கவுண்டர் உண்மையான எண்ணிக்கை இல்லை; கழித்தது போக மிஞ்சியது. அதை அப்படியே "எத்தனை தடவை" என்று காட்டினால் பொய்.

இங்கேதான் d மறுபடி உதவுகிறது. வந்த ஒவ்வொரு தகவலும் ஒன்று கவுண்டரில் ஏறியிருக்கும், இல்லையென்றால் மூன்று மூன்றாகக் கழிந்திருக்கும். ஆகவே d = (n − c1 − c2) / 3. ஒரு கோட்டின் உண்மையான எண்ணிக்கை அதன் கவுண்டருக்குக் குறையாது, கவுண்டர் + d-ஐத் தாண்டாது. ஒரு ஷிஃப்ட்டில் 300 தகவல் வந்து, கடைசியில் ஒரு கோட்டுக்கு 95, இன்னொன்றுக்கு 10 நிற்கிறது என்று வையுங்கள். d = (300 − 105) / 3 = 65. இரண்டாவது கோடு அதிகபட்சம் 75 தடவை வந்திருக்கலாம். 100-ஐத் தாண்டவே இல்லை, தள்ளிவிடலாம். முதலாவது 95-க்கும் 160-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. 100-ஐத் தாண்டியதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அதன் கவுண்டரே 101 ஆக இருந்திருந்தால் இரண்டாவது சுற்று இல்லாமலே உறுதி.

அந்த 95 மாதிரி இடங்களில் முதலில் கேள்விக்குறி போட்டுக் காட்டினோம். சூப்பர்வைசர்களுக்குப் பிடிக்கவில்லை, நியாயம்தான். பிறகு நாற்காலிகளை ஒன்பதாக்கினோம். இப்போது ஒவ்வொரு கழித்தலிலும் பத்து வெவ்வேறு கோடுகள் வெளியே போகும், அதனால் d அதிகபட்சம் n/10. 300 தகவலுக்குப் பிழை 30-ஐத் தாண்டாது, செலவு 36 பைட். சந்தேகமான இடங்கள் வெகுவாகக் குறைந்தன, முழுக்கப் போகவில்லை. அதைப் போக்க வேண்டுமென்றால் இரண்டாவது சுற்றுதான் வழி.

இந்த ஒன்பது நாற்காலி விஷயத்தை ஒரு இன்டர்வியூவில் சொன்னேன். "இது மிஸ்ரா–கிரீஸ்" என்றேன். எதிரில் இருந்தவர், "அப்படி ஒன்று இல்லை, பாயர்–மூர் என்று சொல்லுங்கள்" என்றார், கேமராவைக் கூட ஆன் செய்யாமல். ராபர்ட் பாயரும் ஜே மூரும் எழுதியது பாதிக்கு மேல் வரும் ஒரே எண்ணைக் கண்டுபிடிக்க, ஒரே வேட்பாளரோடு. 1981-இல் எழுதியது, அச்சில் வந்தது 1991-இல். அதற்கு நடுவில், 1982-இலேயே ஜெயதேவ் மிஸ்ராவும் டேவிட் கிரீஸும் n/k-க்கு மேல் வருபவற்றுக்கு k − 1 கவுண்டர் போதும் என்று பொதுவாகவே எழுதிவிட்டார்கள். நீங்கள் கேட்கும் இரண்டு வேட்பாளர் என்பது அதில் k = 3. 2000-களின் தொடக்கத்தில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதையே மறுபடி கண்டுபிடித்தன, அந்த அளவுக்கு மறந்து போயிருந்தது. அதனால் அவருக்குத் தெரியாததில் எனக்குக் கோபம் இல்லை. தெரியாததை "இல்லை" என்று சொன்னதில்தான். அந்த வேலை கிடைக்கவில்லை, அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். இன்டர்வியூவுக்கு முன்பே மூன்று மாதச் சம்பளச் சீட்டு அனுப்பச் சொன்னார்களே, அது எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வேலையே தராதவர்களுக்கு என் சம்பளம் எதற்கு?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கேள்வியில் "n/3-க்கு மேல்" என்று இருக்கிறதா, "n/3 அல்லது அதற்கு மேல்" என்று இருக்கிறதா என்று ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். [1, 1, 2, 2, 3, 3] கொடுத்தால் மூன்றும் சரியாக n/3 தடவை வருகின்றன. "மேல்" என்றால் விடை வெறுமை, மேலே உள்ள கோடு சரி. "அல்லது அதற்கு மேல்" என்றால் மூன்றும் விடை, இரண்டு நாற்காலியில் மூன்று பேர் உட்கார முடியாது. கடைசி வரியில் `>`-ஐ `>=` ஆக்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள், போதாது. மூன்றாவது வேட்பாளரையும் சேர்த்தே எழுத வேண்டும்.