பேரப்பிள்ளைகளுக்குப் பரிசுப் பார்சல்: படிவம், கரடி பொம்மை, பிறந்தநாள்

கேள்வி: மகளும் மருமகனும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பேரனுக்கு 7 வயது, பேத்திக்கு 4. இருவருக்கும் அடுத்தடுத்த மாதங்களில் பிறந்தநாள். ஒரே பார்சலாக அனுப்பிவிடலாம் என்று ஒரு பெட்டி சேர்த்து வைத்திருக்கிறேன். இரண்டு படப் புத்தகம், ஜிக்சா புதிர், கலர் பென்சில், டீ ஷர்ட், பாட்டுப் பாடும் கரடி பொம்மை. பரிசுக்குக்கூட வரி கேட்பார்களா? எதையாவது எடுத்துவிட வேண்டுமா? எத்தனை நாள் முன்னால் அனுப்பினால் சரியாக இருக்கும்?

பதில்: கரடியை மட்டும் இப்போதைக்குப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். முதலில் வரி.

வரி கேட்பது பார்சல் போய்ச் சேரும் நாடு. கேட்கப்படுவது அதைப் பெறுபவரிடம், அதாவது உங்கள் மகளிடம். பல நாடுகள் சிறிய பரிசுகளுக்கு ஒரு வரம்பு வைத்து, அதுவரை வரியை விட்டுவிடுகின்றன. பிரிட்டனில் அது 39 பவுண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ, கனடாவில் 60 கனடிய டாலர், அமெரிக்காவில் 100 டாலர். இந்தத் தொகைகள் மாறக்கூடியவை என்பதால், அனுப்பும் வாரத்தில் அந்த நாட்டுச் சுங்கத்துறையின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இங்கே ‘பரிசு’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் தனிப் பொருள் உண்டு. ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு, காசு வாங்காமல், எப்போதாவது அனுப்புவதுதான் பரிசு. நீங்கள் பணம் கட்டி, ஆன்லைன் கடையே நேராகப் பேரனுக்கு அனுப்பினால், அனுப்புவது தனிநபர் அல்ல, கடை. அப்போது இந்தச் சலுகை பொதுவாகக் கிடைக்காது. படிவத்தில் ‘பரிசு’ என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டால் வரியே வராது என்று நினைப்பதும் தவறு. மதிப்பு வரம்பைத் தாண்டினால் பரிசுக்கும் வரி உண்டு.

எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை. விதி தெளிவாக எழுதப்பட்டிருப்பதால் பிரிட்டனையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பெட்டியை இப்படி வைத்துக்கொள்வோம்: பேரனுக்குப் புதிர் 14 பவுண்டு, புத்தகம் 9, பென்சில் 8, ஆக 31. பேத்திக்குப் புத்தகம் 7, டீ ஷர்ட் 11, கரடி 13, அதுவும் 31. மொத்தம் 62 பவுண்டு.

இதை ஒரே பரிசாக எழுதினால் 39-ஐத் தாண்டிவிடுகிறது. தாண்டினால் கூடுதலான 23 பவுண்டுக்கு மட்டும்தான் வரி என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல, முழு மதிப்பும் கணக்கில் வந்துவிடும். அச்சிட்ட புத்தகத்துக்கும் குழந்தை உடைக்கும் அங்கே வாட் வரி பூஜ்யம் என்பதால், மிச்சமிருக்கும் புதிர், பென்சில், கரடி மூன்றுக்கும் 20 சதவீதம் விழும். 35 பவுண்டுக்கு 7 பவுண்டு, அதோடு அனுப்பும் செலவின் பங்குக்கும் கொஞ்சம். தொகை சிறியதுதான். ஆனால் வரியை வசூலித்துக் கொடுப்பதற்காக அஞ்சல் நிறுவனமோ கூரியரோ தனிக் கட்டணம் போடும். பல நேரம் அது வரியைவிடப் பெரிதாக இருக்கும். மகள் அதைக் கட்டும்வரை பெட்டி வீட்டுக்கு வராது.

அதே பெட்டியை இரண்டு பரிசாக அனுப்பினால் கதை வேறு. ஒரு பார்சலுக்குள் பலருக்கான பரிசுகள் இருந்தால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 39 பவுண்டு வரம்பு உண்டு. அதற்கு மூன்று நிபந்தனைகள்: ஒவ்வொருவர் பரிசும் தனியாகப் பொதிந்திருக்க வேண்டும், அதன் மேல் அவர் பெயர் இருக்க வேண்டும், படிவத்திலும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். அப்போது பேரனுக்கு 31, பேத்திக்கு 31. இரண்டுமே வரம்புக்குள்தான்.

‘தனியாகப் பொதிவது’ என்றதும் பளபளப்புத் தாள் சுற்றி, டேப்பால் இறுக்கி ஒட்டிவிடாதீர்கள். சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் கிழித்துப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. பிள்ளை கையில் போய்ச் சேர்வது கிழிந்த தாள்தான். நாடா வைத்த இரண்டு துணிப்பைகள் போதும், பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டிவிடலாம். வண்ணத்தாளை மடித்து உள்ளேயே வைத்துவிடுங்கள், மகள் சுற்றிக் கொடுப்பாள்.

இனிப் படிவம். அஞ்சலில் அனுப்பினால் சிறு பொதிகளுக்கு சி.என்.22, கனமான அல்லது மதிப்பு கூடிய பார்சலுக்கு சி.என்.23 என்று சுங்க அறிவிப்புப் படிவம் உண்டு. இப்போது இந்த விவரங்கள் மின்னணு முறையில் பார்சலுக்கு முன்பே அந்த நாட்டுக்குப் போய்விடுகின்றன. ஆகவே பெட்டி விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே அதைப் பற்றி ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கலாம். ‘பரிசு’, ‘பொம்மைகள்’, ‘வீட்டுச் சாமான்’ என்று மொட்டையாக எழுதினால் தடங்கல் இங்கிருந்தே தொடங்கும். நானே ஒரு முறை அவசரத்தில் ‘பொம்மைகள்’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டேன். என் தங்கை மகளுக்குப் போக வேண்டிய பெட்டி சுங்கத்தில் 11 நாள் உட்கார்ந்திருந்தது. தொழில் தெரிந்தவனுக்கே இந்தக் கதி! எது, எதனால் ஆனது, எத்தனை, என்ன விலை என்று நான்கும் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். கரடியைத் தவிர்த்து, உங்கள் பெட்டிக்கு இப்படி எழுதலாம்:

```
GIFT 1 - boy, age 7
Jigsaw puzzle, cardboard, 1   GBP 14
Picture book, paper, 1        GBP 9
Colour pencils, wood, 1 set   GBP 8
GIFT 2 - girl, age 4
Picture book, paper, 1        GBP 7
T-shirt, cotton, 1            GBP 11
```

‘GIFT’ என்ற சொல்லுக்கு அருகில் பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலையை நீங்கள் வாங்கிய நாணயத்திலேயே கேட்டால் அப்படியே போடலாம், கூடவே ரசீதின் நகலையும் வையுங்கள். பரிசுதானே என்று மதிப்பைப் பூஜ்யம் என்றோ, வரிக்குப் பயந்து பாதியாகவோ போடாதீர்கள். அதிகாரி பொருளைப் பார்த்துத் தானே ஒரு விலை போடுவார், அது உங்கள் விலையைவிடக் கூடுதலாக இருக்கலாம். பார்சல் தொலைந்தால் நஷ்டஈடும் நீங்கள் எழுதிய தொகைக்கு மேல் வராது. கையால் பின்னிய ஸ்வெட்டர் போன்றவற்றுக்கு, அப்படி ஒன்றை வாங்கினால் என்ன விலையாகும் என்பதைப் போடலாம்.

பெறுநர் பெயரில் ஒரு சின்ன விஷயம். பேத்தி பெயருக்கே அனுப்ப ஆசையாக இருக்கும். ஆனால் 4 வயதுப் பிள்ளையிடம் யாரும் கையெழுத்து வாங்க முடியாது, சுங்கம் ஏதாவது கேட்டு எழுதினாலும் பதில் வராது. மேலே மகள் பெயரும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கட்டும். பிள்ளைகளின் பெயர்கள் உள்ளே துணிப்பையிலும் படிவத்திலும் இருந்தால் போதும்.

சரி, கரடிக்கு வருவோம். அது பாடுகிறது என்றால் வயிற்றில் பேட்டரி இருக்கிறது. விமானத்தில் லித்தியம் பேட்டரிக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு, அடிபட்டாலோ ஷார்ட் ஆனாலோ தீப்பிடிக்கும் என்பதால். தனியாக லித்தியம் பேட்டரியை வெளிநாட்டு அஞ்சலில் அனுப்ப முடியாது. சாதனத்துக்குள் பொருத்தியதைச் சில அஞ்சல் துறைகள் அளவோடு ஏற்கின்றன, சில ஏற்பதே இல்லை. உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடிப்பது எளிது. கரடியின் முதுகில் உள்ள மூடியை ஸ்க்ரூ கழற்றிப் பாருங்கள். பட்டன் பேட்டரியின் மேல் சி.ஆர். என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் லித்தியம், எல்.ஆர். இருந்தால் ஆல்கலைன். சார்ஜ் போடும் துளை இருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் லித்தியம் அயான். மூடியே இல்லாமல் தைத்து மூடியிருந்தால், அந்தக் கரடியை அனுப்ப வேண்டாம்.

பேட்டரி கழற்றக்கூடியது என்றால் கழற்றிவிட்டு, படிவத்தில் ‘பேட்டரி இல்லாத மென்பொம்மை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்து 13 பவுண்டைப் போட்டுவிடலாம். பேட்டரியை மகள் அங்கேயே வாங்கிப் போடட்டும், மூடியின் ஸ்க்ரூவையும் இறுக்கச் சொல்லுங்கள். பட்டன் பேட்டரியைச் சின்னப் பிள்ளை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும், அங்கே அது விளையாட்டு அல்ல. பாடும் வாழ்த்து அட்டை, மினுக்கும் ஷூ, பொத்தானை அழுத்தினால் ஒலிக்கும் புத்தகம் எல்லாவற்றிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கும். உங்கள் இரண்டு புத்தகங்களையும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

மற்றவை கவலை தராதவை. கூடவே வேறு எதையும் இடுக்கில் திணிக்காமல் இருந்தால் சரி. வாசனைத் திரவியம், நகப்பூச்சு, ஸ்ப்ரே டப்பா எல்லாம் எளிதில் தீப்பற்றுபவை, விமானத்தில் போகாது. இறைச்சி, பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியம் தபாலில்கூட விடுவதில்லை. விதை, காய்ந்த பூ, பட்டை உரிக்காத மரப்பொம்மை, தானியம் அடைத்த பொம்மை ஆகியவற்றை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பூச்சி, நோய் பயத்தால் தடுத்து நிறுத்தும். உள்ளே பொம்மை வைத்த சாக்லேட் முட்டை அமெரிக்காவில் தடை, உணவுக்குள் சாப்பிட முடியாத பொருளைப் பொதிந்து வைக்கக் கூடாது என்ற பழைய சட்டம் அங்கே இருக்கிறது.

நாள் கணக்குக்கு வருகிறேன். விரைவு அஞ்சலோ கூரியரோ சொல்லும் நாட்கள் பயண நாட்கள். சுங்கத்தில் பெட்டி நிற்கும் நாட்கள் அதில் சேராது. சாதாரண விமான பார்சலுக்கு மூன்று வாரம், விரைவு அஞ்சலுக்குப் பத்து நாள் என்று மனதில் வைத்து, இரண்டிலும் மேலும் பத்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும் டிசம்பரில் அதற்கும் மேல் கூட்ட வேண்டும். கப்பல் வழி என்றால் மாதக் கணக்கு, பிறந்தநாளுக்கு அது ஆகாது.

அனுப்பிய பிறகு டிராக்கிங்கில் நான்கைந்து நாள் ஒன்றுமே அசையாமல் இருந்தால் பதற வேண்டாம். பெட்டி ஒரு நாட்டை விட்டுக் கிளம்பி இன்னொரு நாட்டில் ஸ்கேன் ஆகும்வரை இடையில் பதிவு இருக்காது. நீங்கள் கவனிக்க வேண்டியது ‘Held by import customs’ போன்ற வாசகம், அதாவது அந்த நாட்டுச் சுங்கம் பெட்டியை நிறுத்தி வைத்திருக்கிறது என்ற செய்தி. அது வந்தால் உங்கள் ஊர் அஞ்சலகத்தில் போய் நிற்பதில் பயனில்லை. மகள்தான் அங்கே விசாரிக்க வேண்டும், ரசீது கேட்டால் கொடுக்க வேண்டும், கட்டணம் இருந்தால் கட்ட வேண்டும். குறித்த நாளுக்குள் யாரும் பதில் தராவிட்டால் பெட்டி திரும்பிவிடும். படிவத்தில் ‘சேர்க்க முடியாவிட்டால் என்ன செய்வது’ என்று ஒரு கட்டம் வரும். திருப்பி அனுப்பு என்பதா, கைவிடு என்பதா என்று அங்கே கேட்பார்கள். திரும்பி வரும் செலவு பார்சலின் மதிப்பைத் தாண்டுமா என்று கேட்டுவிட்டு டிக் செய்யுங்கள்.

இரண்டு பிறந்தநாளுக்கும் ஒரே பெட்டி என்பதால், முந்தி வரும் பிறந்தநாளை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். பிந்தி வருகிறவர் பையின் நாடாவில் தேதி எழுதிய ஒரு சீட்டைக் கட்டிவிடுங்கள். அதை அலமாரியில் உயரமான தட்டில் வைப்பது உங்கள் மகளின் பொறுப்பு.